உங்கள் யோசனையைச் சக ஊழியர் தன்னுடையதாகச் சொல்லிவிட்டால்: முதல் நிமிடத்திலிருந்து மூன்றாவது வாரம் வரை

வியாழக்கிழமை வாராந்திரக் கூட்டம். எதிரே உட்கார்ந்திருந்த சக ஊழியர் திரையில் ஒரு எக்செல் தாளைத் திறந்தார். நான்காவது பத்தியின் தலைப்பில் ‘சரிபார்பு’ என்று இருந்தது. ஒரு ‘ப்’ குறைவு. அந்தப் பிழை என்னுடையது. இரண்டு நாள் முன்பு அவசரத்தில் நான் தட்டியது. தலைப்பு வரியின் நிறம் மட்டும் நீலத்திலிருந்து பச்சைக்கு மாறியிருந்தது. “நான் ஒரு விஷயம் யோசிச்சேன்” என்று அவர் ஆரம்பித்தார்.

அதே நபரிடம் எனக்கு இது மூன்றாவது முறை. முதல் முறை வாயைத் திறக்கவில்லை. ஆறு மாதம் உள்ளே புழுங்கினேன். இரண்டாவது முறை கூட்டத்திலேயே “அது நான் சொன்னது” என்று குரலை உயர்த்தினேன். மேனேஜர், “சரி சரி, எல்லாம் டீம் வொர்க்தானே” என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். யோசனையும் போயிற்று, கூடவே ‘சின்ன விஷயத்துக்கெல்லாம் சண்டை போடுகிறவர்’ என்ற பெயரும் வந்தது. மூன்றாவது முறைதான் ஓரளவுக்கு ஒழுங்காகச் செய்தேன். அதன் வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

இது உங்களுக்குச் சமமான பதவியில் இருக்கும் சக ஊழியர் பற்றியது. மேனேஜரே எடுத்துக்கொள்கிறார் என்றால் வழி வேறு. கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

உதாரணத்துக்கு என் விஷயத்தையே வைத்துக்கொள்கிறேன், அதனால் அது என்னவென்று தெரிந்திருக்கட்டும். நிறுவனம் வாங்கும் பொருட்களுக்கு வரும் பில்களைக் கணினியில் ஏற்றுவது எங்கள் வேலை. ஒவ்வொரு பில்லிலும் ஆர்டர் எண் இருக்க வேண்டும். இல்லாத பில்களை மாதக் கடைசியில்தான் கண்டுபிடிப்போம், அப்புறம் ஒவ்வொரு துறையாகப் போன் போட்டுத் துரத்துவோம். பில்லை ஏற்றும்போதே ஆர்டர் எண் இல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாதபடி செய்துவிடலாம் என்பது என் யோசனை. செவ்வாய்க்கிழமை அவர் மேசைக்குப் போய்ச் சொன்னேன், அன்றே மாதிரித் தாளையும் சாட்டில் அனுப்பினேன். வியாழக்கிழமை நடந்தது மேலே சொன்னது.

## 1. கூட்டத்திலேயே: ஒரே ஒரு தடவை பேசுங்கள்

அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள். அவர் முடித்ததற்கும் மேனேஜர் அடுத்த விஷயத்தை எடுப்பதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி வரும். உங்கள் நேரம் அதுதான். நான் சொன்னது இது:

“செவ்வாய்க்கிழமை நான் அனுப்பிய தாளை இங்கே காட்டியது நல்லதாகப் போயிற்று. அதில் ஒரு சிக்கல் இன்னும் தீரவில்லை. மின்கட்டணம், வாடகை மாதிரி பில்களுக்கு ஆர்டர் எண்ணே கிடையாது. அவையெல்லாம் வாசலிலேயே நின்றுவிடும். அதற்கு இரண்டு வழி யோசித்து வைத்திருக்கிறேன், நாளைக்கு எல்லோருக்கும் அனுப்புகிறேன்.”

இதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. கிழமையைச் சொல்லிவிட்டேன், அதனால் தாள் எங்கிருந்து வந்தது என்பது குற்றச்சாட்டு இல்லாமலே எல்லோர் காதிலும் விழுந்தது. யோசனையில் இருக்கும் ஓட்டையைச் சொன்னேன். அதை உருவாக்கியவருக்குத்தான் அது எங்கே உடையும் என்பது தெரியும். அடுத்த வேலையை என் கையில் எடுத்துக்கொண்டேன். என் அனுபவத்தில் இந்த மூன்றாவதுதான் மிக முக்கியம். யாருக்கு முதலில் தோன்றியது என்று வாதாடினால் பெரும்பாலும் ‘எல்லோருடையதும்’ என்றுதான் தீர்ப்பு வரும். அடுத்த கடிதம் யாரிடமிருந்து வருகிறது என்பதை வைத்துத்தான் மேனேஜர் அந்த வேலைக்கு ஒரு பெயரை ஒட்டுவார்.

இங்கே ஒரு பொறி உண்டு. ஓட்டை உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. “அப்போ வாடகை பில்லை என்ன செய்வீங்க?” என்று அவரிடமே கேட்டு முழிக்க வைக்கலாம் என்று நாக்கு துறுதுறுக்கும். கேட்காதீர்கள். அவர் திணறுவார், உண்மைதான். ஆனால் பார்க்கிறவர்களுக்கு நீங்கள் ஒருவரை மடக்குவது மட்டும்தான் தெரியும், ஏன் மடக்குகிறீர்கள் என்பது தெரியாது. அதே ஓட்டையை நீங்களே சொல்லி, தீர்வையும் நீங்களே சொன்னால் வேலையும் நடக்கும், விஷயமும் புரிய வேண்டியவர்களுக்குப் புரியும்.

ஆன்லைன் கூட்டமாக இருந்தால் இன்னும் எளிது. சாட் பெட்டியில் உங்கள் பழைய தாளின் இணைப்பைப் போட்டு, “செவ்வாய்க்கிழமை அனுப்பிய தாள் இது, வாடகை பில் பற்றிய குறிப்பு இரண்டாவது பக்கத்தில்” என்று எழுதினால் போதும். சிரிப்புப் படம், மூன்று புள்ளி எதுவும் வேண்டாம்.

அந்த நேரத்தில் வார்த்தையே வரவில்லையா? பெரும்பாலோருக்கு வராது, எனக்கும் முதல் முறை வரவில்லை. பரவாயில்லை, அன்று மாலைக்குள் ஐந்தாவது படியில் இருக்கும் கடிதத்தை அனுப்பிவிடுங்கள். ஒரு வாரம் கழித்து அனுப்பினால் அதே கடிதம் புகார் மாதிரி ஒலிக்கும்.

## 2. அன்று மாலை: நடந்ததை எழுதுங்கள், நினைத்ததை எழுதாதீர்கள்

ஒரு குறிப்பு எழுதி வையுங்கள். எந்த நாள், யாரிடம், எந்த வழியாகச் சொன்னீர்கள். கூட்டத்தில் அவர் சொன்ன வார்த்தை என்ன. யார் யார் இருந்தார்கள். ஐந்தாறு வரி போதும். ‘திருடினார்’, ‘வேண்டுமென்றே’ போன்ற சொற்கள் அதில் வரக்கூடாது. மூன்று மாதம் கழித்து இதே குறிப்பை மேனேஜரிடம் காட்ட வேண்டி வரலாம்; அப்போது உங்கள் கோபம் படிக்கிறவர் கண்ணில் படக்கூடாது.

எழுதி முடித்ததும், இது உண்மையில் வேண்டுமென்று செய்ததுதானா என்று யோசியுங்கள். இதைச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும் என்று தெரியும், எனக்கும் வந்தது. ஆனால் பிறர் சொன்னதைத் தன் யோசனை என்று மனதார நம்புவது நிஜமாகவே நடக்கிறது. 1989-ல் பிரவுன், மர்ஃபி என்ற இரண்டு உளவியலாளர்கள் சிலரைக் குழுவாக உட்கார வைத்து, ஒரு வகையைக் கொடுத்து அதில் அடங்கும் பெயர்களை முறை வைத்துச் சொல்லச் சொன்னார்கள். அப்புறம் அவரவர் சொன்னதை மட்டும் நினைவுபடுத்தச் சொன்னபோது, சிலர் பக்கத்தில் இருந்தவர் சொன்னதையும் தன் கணக்கில் சேர்த்துச் சொன்னார்கள். அதற்கு முன்பே, 1973-ல் பிரென்னர் என்பவர் இன்னொன்றைக் காட்டியிருந்தார். வட்டமாக உட்கார்ந்து வரிசையாகச் சொல் வாசிக்கும்போது, தன் முறைக்குச் சற்று முன் வாசிக்கப்பட்ட சொற்கள்தான் நினைவில் மோசமாக நிற்கின்றன. அடுத்து நாம் பேச வேண்டுமே என்ற பதற்றத்தில் காது மூடிக்கொள்கிறது. கூட்டத்தில் நீங்கள் சொன்னதையே பக்கத்து நாற்காலிக்காரர் இரண்டு நிமிடம் கழித்துப் புதிதாகச் சொல்வதற்குச் சில சமயம் காரணம் இவ்வளவுதான்.

இதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? அவர் கையில் உங்கள் யோசனை மட்டும் இருக்கிறதா, உங்கள் பொருளே இருக்கிறதா என்று பாருங்கள். பேச்சுவாக்கில் கேட்ட யோசனை அவருடையதாக மாறிப்போகலாம். தாளை நகல் எடுத்து நிறம் மாற்றுவது மறதியில் நடக்காது. அதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு: அந்த ‘சரிபார்பு’ தாள் என்னுடையது என்பதற்குத்தான் சாட்சி. அவர் மனதில் என்ன இருந்தது என்பதற்கு அது சாட்சி இல்லை. “எப்படியும் எல்லோருக்கும் தெரியும், யார் செய்ததென்று” என்று நினைத்துக்கூடக் காட்டியிருக்கலாம். அடுத்தது, எத்தனை முறை என்பது. ஒரு முறை என்றால் நான்காவது படியோடு நிறுத்திவிடலாம்.

## 3. மறுநாள்: ஆவணங்களைச் சேர்த்து வையுங்கள், ஒரு மணி நேரம் மட்டும்

இதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் செலவிடாதீர்கள். அதற்கு மேல் போனால் நீங்கள் வேலையை விட்டுவிட்டுத் துப்பறிய ஆரம்பித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

மிக வலுவானது, சண்டை வருவதற்கு முன்பே நீங்கள் அனுப்பி, இன்னொருவர் பெற்றுக்கொண்ட ஒன்று. அனுப்பிய மின்னஞ்சல், சாட் செய்தி இரண்டும் இதில் அடங்கும். அதற்கு அவர் “சூப்பர், நல்லாருக்கு” என்று பதில் போட்டிருந்தால் அதைவிட நல்ல ஆவணம் கிடையாது. என் சாட்டில் அவர் ஒரு கட்டைவிரல் படம் போட்டிருந்தார். அதுவும் போதுமானதாக இருந்தது.

அடுத்தது, பொதுவாகத் திறந்து வேலை செய்யும் கோப்புகளின் பதிப்பு வரலாறு. கூகுள் டாக்ஸ், ஷீட்ஸ் என்றால் `File > Version history > See version history` என்ற இடத்தில் யார், எந்த நாள், எந்த மணிக்கு எதை மாற்றினார்கள் என்று வரிசையாகத் தெரியும். ஆனால் ஒருவர் கோப்பை நகல் எடுத்துப் புதிதாக வைத்துக்கொண்டால் பழைய வரலாறு அந்த நகலோடு போகாது. எனவே பார்க்க வேண்டியது உங்கள் மூலக் கோப்பை, அவருடைய நகலை அல்ல.

பலவீனமானது, கணினியில் கோப்பின்மேல் தெரியும் ‘உருவாக்கிய தேதி’. விண்டோஸில் ஒரு கோப்பை வேறு இடத்துக்கு நகல் எடுத்தாலே அந்தத் தேதி நகல் எடுத்த நாளாக மாறிவிடும். அப்படித்தான் நான் இரண்டாவது முறை மாட்டிக்கொண்டேன்: பழைய கோப்பைப் புதிய போல்டருக்கு நகல் எடுத்து, அதைத் திறந்து காட்டினேன். தேதி அவருடையதைவிடப் பிந்தியதாக இருந்தது.

செய்யவே கூடாதவை இரண்டு. ஒன்று, அலுவலகக் கடிதங்களையும் கோப்புகளையும் உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வைப்பது. பாதுகாப்புக்கு என்று நினைத்துச் செய்வீர்கள். பல நிறுவனங்களில் அதுவே தகவல் விதியை மீறிய குற்றம். உங்கள் யோசனையை எடுத்துக்கொண்டவர் பேச்சில் தப்பிவிடுவார், நீங்கள் விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பீர்கள். அலுவலக மின்னஞ்சலுக்குள்ளேயே ஒரு போல்டர் போட்டுச் சேர்த்து வைத்தால் போதும். இரண்டு, பழைய கோப்பைத் திறந்து ‘கொஞ்சம் சரிசெய்வது’. எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தாதீர்கள். இன்றைய தேதியில் ஒரு மாற்றம் பதிவானால், எதை மாற்றினீர்கள் என்ற கேள்வி வரும்.

சாட் செய்திகளைத் தள்ளிப் போடாமல் எடுங்கள். சில இடங்களில் குறிப்பிட்ட நாளுக்கு மேல் அவை தானாக அழிந்துவிடும்படி அமைத்திருப்பார்கள். தேதியும் பெயரும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே அலுவலகப் போல்டரில் போடுங்கள்.

## 4. இரண்டு வேலை நாட்களுக்குள்: அவரிடம் தனியாகப் பேசுங்கள்

பலர் தாண்டிக் குதிக்கும் படி இது. நேராக மேனேஜரிடம் போனால் அவர் கேட்கும் முதல் கேள்வியே “அவரிடம் பேசிப் பார்த்தீர்களா?” என்பதுதான். “இல்லை” என்று சொன்னால் உங்கள் பக்கம் அங்கேயே பாதி கரைந்துவிடும்.

பதினைந்து நிமிடம் போதும். கதவு மூடக்கூடிய ஒரு சின்ன அறை. “கொஞ்சம் பேசணும்” என்று மொட்டையாகச் செய்தி அனுப்பாதீர்கள், அவர் அதற்குள் பதில்களைத் தயார் செய்துகொண்டு வருவார். “ஆர்டர் எண் விஷயமாகப் பதினைந்து நிமிடம் வேண்டும், மூன்று மணிக்குச் சரியா?” என்று கேளுங்கள். வெள்ளிக்கிழமை மாலை வேண்டாம். பேசிவிட்டு இரண்டு நாள் இரண்டு பேரும் வீட்டில் உட்கார்ந்து அதையே மென்றுகொண்டிருப்பீர்கள்.

நான் பேசியது கிட்டத்தட்ட இப்படி:

“செவ்வாய்க்கிழமை உங்களுக்கு அனுப்பிய தாளை நேற்று காட்டினீங்க. அதை யார் செய்ததுன்னு சொல்லலை. எனக்கு அது சங்கடமா இருந்தது. இனிமே என் தாளைக் காட்டும்போது என் பெயரையும் சொல்லிடுங்க. இந்த ஆர்டர் எண் வேலையை நான் எடுத்துச் செய்யலாம்னு இருக்கேன். அதை இன்னைக்கு மெயில்ல எழுதறேன், உங்களையும் சேர்த்துடறேன்.”

இதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். நமக்கெல்லாம் இங்கேதான் சறுக்கும். எதிரில் இருப்பவர் இரண்டு நொடி அமைதியாக இருந்தால் போதும், “பரவாயில்லைங்க, பெரிய விஷயம் ஒண்ணும் இல்லை” என்று நாமே தண்ணீர் ஊற்றி அணைத்துவிடுவோம்.

பதில் பெரும்பாலும் மூன்று விதமாக வரும். “ஐயோ, கவனிக்கலைங்க” என்றால் நம்புங்கள், நன்றி சொல்லுங்கள், எழுந்து வாருங்கள். “எனக்கும் அதே யோசனை இருந்துச்சு” என்று வந்தால் அதை மறுக்காதீர்கள். அவர் தலைக்குள் என்ன இருந்தது என்பதை நிரூபிக்க உங்களால் முடியாது. “இருந்திருக்கலாம். நேற்று திரையில் இருந்தது நான் அனுப்பிய தாள். அதைப் பத்தி மட்டும்தான் பேசறேன்” என்று தாளுக்கே திரும்புங்கள். எனக்கு வந்தது இந்தப் பதில்தான், அது பொய் என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மூன்றாவது, “இதுக்கெல்லாமா? நாமெல்லாம் ஒரே டீம்தானே” என்பது. இதற்கு நான் வைத்திருக்கும் பதில்: “ஒரே டீம்தான். அதனாலதான் மேனேஜர்கிட்ட போகாம உங்ககிட்ட வந்தேன்.” குரலை உயர்த்தாமல் சொல்ல வேண்டும், மிரட்டல் மாதிரி வந்துவிடக்கூடாது. வீட்டில் ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் உதவும்.

பழைய கணக்கை எல்லாம் இழுக்காதீர்கள். “போன வருஷமும் இப்படித்தான்” என்று ஆரம்பித்தால் பேச்சு உங்கள் நினைவாற்றல் பற்றியதாக மாறிவிடும்.

## 5. அதே நாள்: வேலையைப் பற்றி ஒரு கடிதம்

பேசிய அன்றே இது போக வேண்டும். பெறுபவர் மேனேஜர். நகல், சக ஊழியருக்கும் கூட்டத்தில் இருந்த மற்றவர்களுக்கும். நான் அனுப்பியது:

> பொருள்: பில்களில் ஆர்டர் எண் கட்டாயமாக்குவது – அடுத்த படி
>
> வணக்கம். வியாழக்கிழமைக் கூட்டத்தில் பார்த்த தாள், செவ்வாய்க்கிழமை நான் தயாரித்து அனுப்பியது. மூலத் தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன்.
>
> ஆர்டர் எண் இல்லாத பில்களுக்கு (மின்கட்டணம், வாடகை) இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது, அவற்றுக்கு மட்டும் தனிக் குறியீடு கொடுத்து விலக்கு அளிப்பது. இரண்டாவது, ஆண்டுக்கு ஒரு முறை பொதுவான ஆர்டர் எண் போட்டு வைப்பது. முதலாவது எளிது என்று நினைக்கிறேன்.
>
> இதை நானே எடுத்துச் செய்கிறேன். இந்த மாதப் பில்களில் சோதித்துப் பார்த்து, அடுத்த மாதம் முதல் வாரத்தில் முடிவைச் சொல்கிறேன். கூட்டத்தில் இதை முன்வைத்ததற்குச் சக ஊழியருக்கு நன்றி. சோதனையில் அவருடைய உதவியும் தேவைப்படும்.

கடைசியில் ‘சக ஊழியர்’ என்று இருக்கும் இடத்தில் அவர் பெயரைப் போட்டிருந்தேன். அதை எழுதக் கை வரவே இல்லை என்பது வேறு விஷயம். ஆனால் அந்த வரி இருந்ததால்தான் யாராலும் இதைச் சண்டைக் கடிதம் என்று சொல்ல முடியவில்லை. கவனித்துப் பாருங்கள், தாள் யாருடையது என்பதற்கு மொத்தக் கடிதத்தில் ஒரே ஒரு வாக்கியம்தான், அதுவும் தேதியோடு. மற்றதெல்லாம் வேலை.

`Bcc` போட்டு யாருக்கும் ரகசியமாக அனுப்பாதீர்கள். அப்படிப் பெற்றவர் மறதியில் ‘எல்லோருக்கும் பதில்’ அழுத்தினால் போதும், குட்டு வெளிப்படும். மேனேஜருக்கும் மேலே இருப்பவரை நகலில் சேர்ப்பதும் கூடாது. அது உங்கள் மேனேஜருக்கு எதிராகத் திரும்பிய கடிதமாகிவிடும்.

அப்புறம், முதல் வாரத்தில் முடிவைச் சொல்கிறேன் என்று எழுதினால் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்த முறையின் விலை அதுதான். எனக்கு அந்த மாதம் ஏறக்குறைய ஆறு மாலைப் பொழுது கூடுதலாகப் போயிற்று. யோசனை அவ்வளவுக்குப் பெறாது என்று தோன்றினால், நான்காவது படியோடு விட்டுவிடுங்கள். எல்லாவற்றுக்கும் இந்த முழு ஓட்டத்தையும் ஓட முடியாது.

## 6. மறுபடியும் நடந்தால்: மேனேஜரிடம்

பேசியும் கடிதம் எழுதியும் ஒரு முறை மறுபடி நடந்தால் போகலாம். அவசரப்பட வேண்டாம், ஆனால் வருட மதிப்பீட்டுக்கு முந்தின வாரம்வரை காத்திருக்கவும் வேண்டாம். அந்த நேரத்தில் போனால் ஊதிய உயர்வுக்காகத்தான் இதைக் கிளப்புகிறீர்கள் என்று தோன்றும். மதிப்பீட்டுக்கு இரண்டு மாதமாவது முன்பு என்றால் நல்லது.

கையில் ஒரே ஒரு பக்கம். இரண்டு நிகழ்வுகள், ஒவ்வொன்றுக்கும் தேதி, நீங்கள் அனுப்பியது, கூட்டத்தில் சொல்லப்பட்டது. அவரிடம் தனியாகப் பேசிய நாள். கடைசியில், உங்களுக்கு என்ன வேண்டும் என்பது. இந்தக் கடைசி வரி இல்லாமல் போகாதீர்கள். “அவரைக் கண்டியுங்கள்” என்பது கோரிக்கை இல்லை. எந்த மேனேஜரும் அதைச் செய்ய விரும்பமாட்டார், செய்தாலும் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. “இந்த வேலையின் அறிக்கையை மேலிடத்துக்கு நானே சமர்ப்பிக்கிறேன்” அல்லது “கூட்டக் குறிப்பில் யார் எதை முன்வைத்தார்கள் என்று எழுதலாம்” என்பது அவர் ஒரு நிமிடத்தில் ‘சரி’ சொல்லக்கூடிய கோரிக்கை. நான் போகவே நேரவில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் ஆர்டர் எண் பற்றிக் கேள்வி வந்தபோது, சக ஊழியரே என் பக்கம் கையைக் காட்டி “அதை இவங்கதான் பார்க்கிறாங்க” என்றார்.

மனிதவளத் துறைக்குப் போகலாமா என்று கேட்பார்கள். யோசனையை எடுத்துக்கொண்டார் என்பது மட்டும் காரணமானால் அங்கே பெரிதாக ஒன்றும் நடக்காது. பெரும்பாலான வேலை ஒப்பந்தங்களின்படி, வேலையில் உருவாக்கும் யோசனை நிறுவனத்துக்கே சொந்தம். ‘என் சொத்தைத் திருடினார்’ என்ற வாதம் அதனால் நிற்காது. நீங்கள் கேட்பது பெயரை மட்டும்தான். மிரட்டல், அவமதிப்பு, உங்களை மட்டும் குறிவைத்து ஒதுக்குதல் சேர்ந்திருந்தால் அது வேறு புகார், அதைத் தனியாக எழுதுங்கள்.

ஒரு விதிவிலக்கு காப்புரிமை. பொருளுக்கு உரிமை நிறுவனத்துடையதாக இருந்தாலும், கண்டுபிடித்தவர் என்று காப்புரிமையில் தன் பெயர் குறிப்பிடப்படும் உரிமை கண்டுபிடித்தவருக்கு உண்டு என்று தொழில்சார் சொத்துரிமை பற்றிய பாரிஸ் உடன்படிக்கையின் 4ter பிரிவே சொல்கிறது. உங்கள் யோசனை அந்தத் திசையில் போகிறதென்றால் மேலே சொன்ன மென்மையான வழிகளில் காலம் தாழ்த்தாதீர்கள். விண்ணப்பம் போகும் முன்பே நிறுவனத்தின் சட்டப் பிரிவிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

## 7. அடுத்த யோசனையிலிருந்து

மேசை ஓரத்தில் நின்று சொல்வதை விட முடியாது, விடவும் வேண்டாம். யாரிடமும் எதையும் சொல்லாமல் பொத்திப் பொத்தி வைப்பவரோடு யாரும் வேலை செய்ய விரும்பமாட்டார்கள். நான் மாற்றிக்கொண்டது வரிசையை மட்டும். முதலில் மூன்று வரிக் குறிப்பை மேனேஜர் உட்பட இரண்டு பேருக்காவது அனுப்பிவிடுகிறேன்: சிக்கல் இது, செய்யலாம் என்று நினைப்பது இது, இன்னும் தெரியாதது இது. அதற்கப்புறம் யாரோடு வேண்டுமானாலும் பேசுகிறேன். கூட்டம் வியாழன் என்றால் குறிப்பு புதன் மதியத்துக்குள் போய்விடும். முன்பே போனால் மறந்துவிடுவார்கள், கூட்டத்துக்குச் சற்று முன் போனால் யாரும் படிக்கமாட்டார்கள்.

கூட்டாளி ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒபாமா ஆட்சியின்போது வெள்ளை மாளிகையில் பெண் அதிகாரிகள் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். கூட்டத்தில் ஒரு பெண் முக்கியமான கருத்தைச் சொன்னால், இன்னொருவர் அதையே திரும்பச் சொல்லி, முதலில் சொன்னவரின் பெயரையும் சேர்த்துச் சொல்வார். 2016-ல் இது செய்தித்தாளில் வெளிவந்தது. செலவே இல்லாத வழி இது, ஆனால் நீங்களும் திருப்பிச் செய்ய வேண்டும். என் பக்கத்து இருக்கைக்காரரும் நானும் இப்படி ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். “அவர் புதன்கிழமை குறிப்பில் எழுதியிருந்தாரே, அதுதான்” என்று ஒரு வாக்கியம், அவ்வளவுதான்.

## மேனேஜரே எடுத்துக்கொண்டால்

முதலில், அது எடுத்துக்கொள்வதுதானா என்று பாருங்கள். குழுவின் வேலையை மேலிடத்தில் “நாங்கள் செய்தோம்” என்று சொல்வது அவர் வேலையின் ஒரு பகுதி. “நான் செய்தேன்” என்பதுதான் பிரச்சினை. அப்போது மேலே சொன்ன நான்காவது, ஆறாவது படிகள் பொருந்தாது. பெயர் கேட்டு அவரோடு மோதினால் இழப்பு உங்களுக்குத்தான். அதற்குப் பதிலாக, “மேலிடத்தில் இதைப் பற்றி விவரக் கேள்வி வந்தால் நான் பக்கத்தில் இருந்து பதில் சொல்லட்டுமா?” என்று கேளுங்கள். அவருக்கும் அது பாதுகாப்பு என்பதால் பல மேனேஜர்கள் ஒத்துக்கொள்வார்கள். மறுத்துக்கொண்டே இருந்தால், மூன்று நான்கு மாதம் பார்த்துவிட்டு வேறு குழுவுக்கு மாற்றம் கேட்பதே நல்லது. மாற்றம் கேட்கும் கடிதத்தில் இந்தக் காரணத்தை மட்டும் எழுதாதீர்கள். கற்றுக்கொள்ள விரும்பும் வேலை என்ன என்பதை எழுதுங்கள்.